கட்டுரையின் தலையில் நீ குத்தி அனுப்பிய சீட்டு

அன்புள்ள தம்பிக்கு,

ரூபாய் நோட்டுத் தகராறு பற்றிய உன் கட்டுரையைப் படித்துவிட்டேன். அதைப் பற்றிப் பேசுமுன், அதன்மேல் நீ குத்தியிருந்த சீட்டைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். “கட்டுரை சுமார்தான். நேரம் போதவில்லை. பிழை இருந்தால் திருத்துங்கள் அக்கா.” அவ்வளவுதான் எழுதியிருந்தாய்.

இப்படி ஒரு சீட்டைப் பார்த்ததும் என் கை சிவப்பு மையைத்தான் தேடும். பிழை திருத்தச் சொன்னாய், ஆகவே ஒற்றும் சந்தியும் பார்த்துக்கொண்டே போவேன். நீ ராத்திரி விழித்து யோசித்த இடம் எது என்று எனக்குத் தெரியாமலே பக்கம் முடிந்துவிடும். ‘சுமார்’ என்பது அடக்கமாக இருக்கலாம், ஆனால் எந்தப் பத்தி சுமார் என்று அது சொல்லவில்லையே.

உன் கட்டுரையையே எடுத்துக்கொள்வோம். 1998இல் மொரீஷியஸ் வங்கி வெளியிட்ட புதிய நோட்டுகளில் தமிழ் எழுத்து இந்திக்குக் கீழே போனது. இங்கே தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, தமிழ் மீண்டும் மேலே வந்தது. மூன்றாம் பத்தியில் இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகக் காட்டுகிறாய். அது அருமை. நான்காம் பத்தியில்தான் கால் இடறுகிறது. ‘நாம்தான் முதலில் வந்தோம், ஆகவே நமக்குத்தான் முதல் இடம்’ என்கிறாய். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்து வந்த கைவினைஞர்களையும், 1834 முதல் ஒப்பந்தத்தில் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களையும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிட்டாய். எந்த வருகையைச் சொல்கிறாய் என்று படிப்பவர் குழம்புவார்.

இந்த இடறல் உனக்கும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அந்தப் பத்தியில் மட்டும் ‘சந்தேகமில்லாமல்’ என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். உறுதியாக இருக்கிற இடத்தில் யாரும் அப்படி எழுதுவதில்லை. நானாக இருந்தால் சீட்டை இப்படி எழுதியிருப்பேன்:

“இது இரண்டாம் வரைவு. மூன்றாம் பத்தியில் நோட்டுகளை ஒப்பிட்டிருப்பது எனக்குத் திருப்தி, ஏனென்றால் அங்கே நான் சொல்வதைப் படிப்பவர் தாமே சரிபார்க்கலாம். நான்காம் பத்தியில் நிச்சயமில்லை. யார் முதலில் வந்தார்கள் என்பதற்கும் நோட்டில் எழுத்தின் வரிசைக்கும் உள்ள தொடர்பை நான் காட்டவில்லை, சொல்லிவிட்டுப் போகிறேன். ஒருமுறை அந்தப் பத்தியையே எடுத்துப் பார்த்தேன், முடிவுரை அந்தரத்தில் நின்றது. கேள்வி: நான்காம் பத்தியில் எந்த வாக்கியத்தில் உங்களுக்கு நம்பிக்கை விட்டுப்போகிறது? சந்திப் பிழைகளை அடுத்த வரைவில் பார்த்துக்கொள்கிறேன்.”

அரைப் பக்கம்கூட வராது. பலத்தைச் சொல்வது தற்பெருமை என்று நீ கூசலாம். கூச வேண்டாம். எது நன்றாக வந்திருக்கிறது, ஏன் என்று நீ எழுதாவிட்டால், திருத்தும்போது நானே அதை வெட்டச் சொல்லக்கூடும். முயன்று பார்த்ததை எழுதினால், நீ ஏற்கெனவே கைவிட்ட யோசனையையே நான் மறுபடியும் சொல்ல மாட்டேன். ‘நன்றாக இருக்கிறதா’ என்று கேட்டால் ‘இருக்கிறது’ என்று சொல்லிவிடுவேன். எங்கே நம்பிக்கை விடுகிறது என்று கேட்டால் விரல் வைத்துக் காட்டியே ஆக வேண்டும். கேள்வி ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். ஐந்து கேட்டால் ஐந்துக்கும் மேலோட்டமான பதில்தான் வரும்.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. சீட்டை முதலில் படித்தால் நான் நான்காம் பத்தியையே முறைத்துக்கொண்டிருப்பேன், இரண்டாம் பத்தியில் ஓட்டை இருந்தாலும் கண்ணில் படாது. அதனால் கட்டுரையை ஒருமுறை நேராகப் படித்து, என் சந்தேகத்தை ஓரத்தில் குறித்துவிட்டு, அப்புறம்தான் சீட்டைத் திருப்புவேன். நம் இருவர் சந்தேகமும் ஒரே இடத்தில் விழுந்தால் திருத்துவது சுலபம். வேறு வேறு இடத்தில் விழுந்தால், உட்கார்ந்து பேச வேண்டியது அதைத்தான். மதிப்பெண் போடும்போது சீட்டைப் பார்க்க மாட்டேன். குறையை நீயே சொன்னாய் என்பதற்காக மதிப்பெண் குறையாது, அடக்கத்துக்காகக் கூடவும் கூடாது.

எழுதி முடித்த கையோடு சீட்டை எழுதாதே. அப்போது களைப்புதான் எழுதும், ‘நேரம் போதவில்லை’ என்ற வரி அப்படி வந்ததுதான். ஓர் இரவு விட்டு, ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் அது என்ன சொல்கிறது என்று ஒரு வரி எழுதிப் பார். எந்தப் பத்திக்கு வரி எழுத வரவில்லையோ, உன் சந்தேகம் அங்கேதான்.

அடுத்த வரைவோடு இந்தப் பழைய சீட்டையும் சேர்த்து அனுப்பு. கேட்டதற்கு நான் பதில் சொன்னேனா என்று நானும் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா
ரோஸ் ஹில், மொரீஷியஸ்