தேய்வது அலை இல்லை, பாத்திரத்தின் வாய்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை எட்டுகிற தூரத்தை 5.8 ஏன் எட்டுவதில்லை என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அலைவரிசை கூடக் கூட அலை காற்றிலேயே தேய்ந்துவிடுகிறது என்று பதில் வந்திருந்தது. சுவரும் தோப்பும் குறுக்கே நின்றால் அதில் உண்மை உண்டு. ஆனால் மொட்டை மாடிக்கும் மொட்டை மாடிக்கும் நடுவே வெறும் வெளி மட்டும் இருக்கும்போது அந்தப் பதில் தப்பு. சக்தி எத்தனை மடங்கு கூடியது, குறைந்தது என்பதை டெசிபலில் சொல்வார்கள்; 5.8-இல் 4 கிலோமீட்டருக்குக் காற்று தின்பது ஒரு டெசிபலில் நூறில் சில பங்குதான். நானும் பல வருஷம் அந்தப் பதிலைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு ஐஸ் கிடங்கு என்னைத் திருத்தியது.

கிடங்கு கடலூர் முதுநகரில் என் மச்சானுடையது. அங்குள்ள கேமராவை அவர் திருப்பாதிரிப்புலியூர் வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும். நேர்கோட்டில் ஏறக்குறைய 4 கிலோமீட்டர், நடுவில் மறைப்பு இல்லை. இரண்டு மாடியிலும் 5 டிபிஐ கெயின் உள்ள குச்சி ஆன்டெனாவும் 100 மில்லிவாட் பெட்டியும் வைத்தோம். வந்து சேரும் சக்தி 2.4-இல் -82 dBm காட்டியது; மைனஸுக்குப் பின் எண் கூடினால் சக்தி குறைவு என்று அர்த்தம். படம் விக்கி விக்கியாவது வந்தது. அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் அதே அலைவரிசையில் கூடிக் கும்மியடித்ததால், 5.8-க்கு மாறலாம் என்றார் மச்சான். அதே 5 டிபிஐ குச்சி, அதே 100 மில்லிவாட். கிட்டத்தட்ட -90. படம் வரவே இல்லை. “இந்தப் புது அலை பாதி வழியிலேயே செத்துப்போச்சு” என்றார்.

சாகவில்லை என்பது கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. மழைக்குப் பாத்திரம் வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு மழை விழுகிறது என்பது ஒரு சங்கதி, நாம் வைத்தது அண்டாவா தம்ளரா என்பது வேறு சங்கதி. அலையும் அப்படியே. அனுப்பும் பக்கத்திலிருந்து கிளம்பும் சக்தி தூரம் போகப் போகப் பெரிய பரப்பில் விரிகிறது. இந்த விரிவில் அலைவரிசைக்கு வேலையே இல்லை. வீட்டு மாடியின் ஒரு சதுர மீட்டரில் விழுந்தது 2.4-இலும் 5.8-இலும் ஒரே அளவுதான்.

மாறியது குச்சியின் வாய். ஆன்டெனா எவ்வளவு பரப்பில் விழும் சக்தியை அள்ளுகிறது என்பதற்கு ஒரு வாய்பாடு உண்டு: A = Gλ²/4π. G கெயின், λ அலைநீளம். கெயின் என்பது ஒரு திசையில் எத்தனை மடங்கு குவிக்கிறது என்கிற விகிதம் மட்டுமே. அது பரப்பு அல்ல. அட்டையில் இரண்டுக்கும் 5 டிபிஐ என்று போட்டிருந்தாலும், 2.4-இல் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், 5.8-இல் 5.2 சென்டிமீட்டர். போட்டுப் பார்த்தால் முதல் குச்சி அள்ளுவது 39 சதுர சென்டிமீட்டர், இரண்டு தீப்பெட்டியை அருகருகே வைத்த மாதிரி. இரண்டாவது 7-க்கும் குறைவு, ஒரு சின்னத் தபால்தலை. ஆறில் ஒரு பங்கு. டெசிபலில் 8-க்குச் சற்றுக் குறைவு. -82 ஏன் -90 ஆனது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் ‘வெற்றுவெளி இழப்பு’ என்கிற பெயர். அந்தச் சூத்திரத்தில் அலைவரிசை இருப்பதால், வெளிதான் தின்கிறது என்று தோன்றுகிறது. உண்மையில் வாங்கும் ஆன்டெனா சிறுத்ததை அதற்குள் ஒளித்துவைத்திருக்கிறார்கள். பெல் ஆய்வகத்தின் ஹரால்ட் ஃப்ரிஸ் 1946-இல் இதை எழுதியபோது கெயினை வைத்து எழுதவில்லை. இரண்டு ஆன்டெனாவின் பரப்பை வைத்துத்தான் எழுதினார். அவர் எழுதிய வடிவில் λ² கீழே வகுப்பதாக நிற்கிறது. அதாவது இரு பக்கமும் பரப்பு மாறாமல் இருந்தால், அலைநீளம் குறையக் குறைய வந்து சேரும் சக்தி கூடுகிறது! பதிலில் சொன்னதற்கு நேர் எதிர்.

சரி, மச்சானுக்கு வருவோம். குச்சிகளைக் கழற்றிவிட்டு இரு பக்கமும் 60 சென்டிமீட்டர் டிஷ் வாங்கினோம். டிஷ்ஷின் வாய் அலைவரிசைக்காகச் சிறுப்பதில்லை. தகட்டின் பரப்பில் பாதிக்குச் சற்று மேல் எப்போதும் வேலை செய்யும். ஆகவே அதே தகட்டுக்கு 2.4-இல் கெயின் 21 டிபிஐ என்றால் 5.8-இல் 28-ஐத் தாண்டும். உயர் அலைவரிசைக்கு அதிக கெயின் வேண்டும் என்று சொல்வது இதைத்தான். தனிப் பலம் ஒன்றும் சேர்க்கவில்லை, பழைய வாயைத் திரும்ப வாங்கினோம், அவ்வளவே.

ஆனால் அனுப்பும் பக்கத்தில் சட்டம் குறுக்கே வருகிறது. உரிமம் வேண்டாத இந்த இரண்டு அலைவரிசையிலும், கெயினையும் சேர்த்து நேர்த்திசையில் 4 வாட்டுக்கு ஈடாகத்தான் அனுப்பலாம். டிஷ்ஷை மாட்டிவிட்டு 100 மில்லிவாட்டை அப்படியே விட்டால் அது 70 வாட்டைத் தாண்டும். அதனால் பெட்டியை 5 மில்லிவாட்டுக்கு இறக்கினோம். இப்போது கணக்கு எளிது. 4 கிலோமீட்டர் ஆரமுள்ள கோளத்தின் பரப்பு 20 கோடி சதுர மீட்டர். 4 வாட்டை அதால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 0.02 மைக்ரோவாட். நம் டிஷ் அள்ளுவது 0.155 சதுர மீட்டர். பெருக்கினால் -55 dBm. இதில் அலைவரிசை எங்கேயாவது வந்ததா? வரவில்லை. 2.4-க்கும் இதே விடைதான்.

ஆனால் மாட்டிய அன்று வந்தது -76. மச்சான் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தேவையில்லை. கணக்குக்கு 20 டெசிபல் குறைந்தால் கேபிளைக் குற்றம் சொல்ல முடியாது. டிஷ் சக்தியைக் குவிக்கும் முதன்மைக் கற்றையை விட்டு, அதன் ஓரத்தில் வரும் பலவீனமான பக்கக் கற்றையில் உட்கார்ந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். பக்கக் கற்றையிலும் ஒரு உச்சம் வரும், அங்கேயே நட்டை முறுக்கிவிடுவோம். அதனால் வீட்டு டிஷ்ஷைத் தளர்த்தி, இருபது டிகிரிக்கு மெதுவாகத் திருப்பினேன். அளவு விழுந்தது, அப்புறம் சட்டென்று ஏறியது: -58. மீதி 3 டெசிபல் கேபிளிலும் இணைப்பிலும் போனது; அதற்கு நான் சண்டை போடவில்லை.

இந்த வாய்க்கு ஒரு விலை உண்டு. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் கற்றை 2.4-இல் சுமார் 15 டிகிரி அகலம், 5.8-இல் 6 டிகிரிதான். கார்த்திகைக் காற்றில், குழாயில் மாட்டிய டிஷ் 5 டிகிரி திரும்பினால் 2.4-இல் ஒன்றரை டெசிபல் போகும், யாருக்கும் தெரியாது. 5.8-இல் எட்டு டெசிபல். போன வருஷம் ஒரு காலையில் -66 பார்த்தேன். மாடிக்குப் போனால், டிஷ் கவ்வியிருந்த இடத்தில் நான் போட்டு வைத்த சிவப்புப் பெயின்ட் கோடு குழாயில் ஒரு பக்கமும் பிடியில் இன்னொரு பக்கமுமாக விலகி நின்றது. இரண்டையும் சேர்த்து முறுக்கினேன், மறுபடி -58.

இப்படிக்கு,
ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.