புரட்சிக் கட்டுரையில் காரணமும் விளைவும்: வரலாற்று வினாத்தாள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். மேல்நிலை வகுப்புகளில் பிரெஞ்சுப் புரட்சியைக் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். “பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களையும் விளைவுகளையும் விவரி” என்ற வினாவுக்கு வரும் விடைகளில், ‘காரணங்கள்’ என்ற தலைப்பின் கீழ் பெரும்பாலும் இப்படி ஒரு பத்தி இருக்கிறது: “கருவூலம் காலியானது. திருச்சபையின் நிலங்களை அரசு எடுத்துக்கொண்டது. காகிதப் பணத்தின் மதிப்பு சரிந்தது. ரொட்டி விலை ஏறியது. மக்கள் கிளர்ந்தெழுந்தனர்.”

ஐந்து வாக்கியங்களில் எதுவும் பொய்யில்லை. ஆயினும் திருச்சபை நிலங்கள் தேசத்தின் உடைமையாக்கப்பட்டது 1789 நவம்பரில். அவற்றை ஈடாக வைத்து, பின்னர் காகிதப் பணமாகப் புழங்கிய ‘அசிஞா’ பத்திரங்கள் வெளியிடப்பட்டது அடுத்த மாதம். பாஸ்டில் விழுந்ததோ அதற்கு முந்தைய ஜூலை 14 அன்று. எனவே நடுவிலுள்ள இரண்டு வாக்கியங்களும் அந்தக் கிளர்ச்சிக்குக் காரணமாக இருக்க வழியே இல்லை.

ஆண்டுகளை மனப்பாடம் செய்தால் இந்தக் குழப்பம் தீரும் என்று நானும் சொல்லிவிடலாம், ஆனால் தீராது. 1788 ஜூலையில் ஆலங்கட்டி மழை பயிரை அழித்தது. ஆகஸ்டில் மன்னர், மூன்று பிரிவினரின் பேரவையான எஸ்டேட்ஸ் ஜெனரலைக் கூட்ட நாள் குறித்தார். வரிசையை மட்டும் பார்க்கும் மாணவர், விளைச்சல் பொய்த்ததால் மன்னர் பேரவையைக் கூட்டினார் என்று எழுதிவிடுவார். உண்மையில் மன்னரை அந்த முடிவுக்குத் தள்ளியது கடன். அமெரிக்க விடுதலைப் போருக்குச் செய்த செலவும் சேர்ந்து, 1788-இல் அரசின் செலவில் ஏறக்குறைய பாதி கடனுக்கே போனது. சலுகை பெற்ற பிரிவினர் மீதும் வரி விதிக்கும் திட்டத்தை 1787-இல் கூடிய பிரமுகர் அவை ஏற்கவில்லை. விளைச்சல் பொய்த்ததன் வேலை பின்னால் வருகிறது. சுமார் 9 சூ நாணயத்துக்கு விற்ற நான்கு பவுண்டு ரொட்டி 1789 தொடக்கத்தில் 14 சூவைத் தாண்டியது. கூலியின் பெரும்பகுதியை ரொட்டிக்கே கொடுத்த பாரிஸ் மக்கள் ஜூலையில் தெருவில் இறங்கினர். கடன் பேரவை கூடியதற்குக் காரணம். ரொட்டி விலை தெருக் கிளர்ச்சிக்குக் காரணம். எதற்குக் காரணம் என்று கேட்காதவரை இரண்டும் ஒரே பட்டியலில்தான் கிடக்கும்.

மேலும் கடினமான இடம் ஒன்று உண்டு. விலையேற்றம் 1789-இலும் வருகிறது, 1793-இலும் வருகிறது. முதலாவது, பொய்த்த விளைச்சலால் வந்தது, புரட்சிக்கு முந்தையது. இரண்டாவது, மதிப்பிழந்து வந்த அசிஞாவும் 1792-இல் தொடங்கிய போரும் சேர்ந்து உண்டாக்கியது, அதாவது புரட்சி ஆட்சியின் முடிவுகளிலிருந்து பிறந்தது. அதே விலையேற்றம் 1793 பிப்ரவரியில் பாரிஸ் மளிகைக் கடைகள் சூறையாடப்படுவதற்கும், செப்டம்பரில் உச்சவிலைச் சட்டம் வருவதற்கும் காரணமாகவும் ஆனது. ஆகவே, இது காரணமா விளைவா என்று பொதுவாகக் கேட்டால், ஒன்றில் மட்டும் அடைக்க முயலும் மாணவர் தவறத்தான் செய்வார்.

வகுப்பில் நான் செய்வது எளியது. முதலில் ஒரு நிகழ்வையும் அதன் நாளையும் கரும்பலகையின் நடுவில் எழுதுகிறோம். பிறகு ஒவ்வொரு செய்தியையும் எடுத்து, அது அந்த நாளுக்கு முன் இருந்ததா என்று பார்க்கிறோம். இருந்தால், யார் அதனால் பாதிக்கப்பட்டு என்ன செய்தார்கள் என்று ஒரு வாக்கியம் எழுதச் சொல்கிறேன். அந்த வாக்கியத்தை எழுத முடியாவிட்டால், செய்தி பின்னணியே தவிரக் காரணம் அல்ல. நடுவிலுள்ள நிகழ்வை மாற்றியதும் அசிஞா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போவதை மாணவர்கள் தாங்களே கண்டுகொள்கிறார்கள்.

ஆனால் தேர்வு வினா ‘புரட்சி’ என்று மட்டும் சொல்லி, 1789 முதல் 1799 வரையிலான பத்து ஆண்டுகளையும் ஒரே நிகழ்வாக்கும்போது இந்தப் பயிற்சி பயனற்றுப் போகிறது. எனவே வினாவிலேயே எல்லை வகுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். “1789 மே மாதம் எஸ்டேட்ஸ் ஜெனரல் கூடியதற்கான காரணங்கள் யாவை?” என்றோ, “1789 முதல் 1793 வரை திருச்சபை நில உடைமையாக்கம் உண்டாக்கிய விளைவுகள் யாவை?” என்றோ கேட்கலாம். முழுப் புரட்சியையும் பற்றிய நெடுவினா வேண்டும் என்பவர்களின் கவலை எனக்கும் புரிகிறது. அதை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் காரணங்கள் எந்த நாளுக்கு முன், விளைவுகள் எந்த ஆண்டு வரை என்று அதில் குறிப்பிடுங்கள்.

விடைக்குறிப்பிலும் ஒரு திருத்தம் தேவை. இப்போது ‘காரணங்கள்’ பகுதியில் அசிஞாவைக் கண்டால் திருத்துபவர் அடித்துவிடுகிறார். “அசிஞாவின் மதிப்புச் சரிவு 1793 கலவரங்களுக்குக் காரணமாயிற்று” என்று ஒரு மாணவர் எதற்குக் காரணம் என்பதையும் சேர்த்து எழுதியிருந்தால், அது எந்தத் தலைப்பின் கீழ் இருந்தாலும் அதற்கு மதிப்பெண் வழங்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மேல்நிலை வகுப்பு வரலாற்று ஆசிரியர் ஒருவர்