சராசரிக்குள் மறையும் பிழை: ஆக்சிமீட்டர் தரநிர்ணயக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

பல்ஸ் ஆக்சிமீட்டர் கருமையான தோலில் இரத்தத்தில் உண்மையாக இருப்பதைவிடக் கூடுதலான ஆக்சிஜன் அளவைக் காட்டக்கூடும் என்பது உங்களுக்குப் புதிய செய்தி அல்ல. செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளைப் பற்றி 1990-இல் வெளியான ஓர் ஆய்வே அதைச் சொல்லிவிட்டது: வெள்ளையின நோயாளிகளுக்கு 92% காட்டினால் போதும், கறுப்பின நோயாளிகளுக்கு 95% காட்டினால்தான் அதே அளவு நம்பலாம். ஆகவே பிழை இருக்கிறதா என்று வாதிட இந்த மடலை எழுதவில்லை. அந்தப் பிழையைப் பிடிக்க வேண்டிய அனுமதிச் சோதனையே அதை எப்படி நழுவவிட்டது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்ட விரும்புகிறோம்.

கருவி எதை அளக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ஆக்சிஜனை அது நேரடியாக அளப்பதில்லை. விரலைக் கடந்து வரும் ஒளியைத்தான் அளக்கிறது. விரலின் ஒரு பக்கத்தில் இரண்டு எல்இடி விளக்குகள் மாறி மாறி எரிகின்றன. ஒன்று சுமார் 660 நானோமீட்டர் சிவப்பு, மற்றது சுமார் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. எதிர்ப்பக்கத்தில் ஒளியுணரி. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியை மிகுதியாக விழுங்கும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் அதைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் தமனியில் இரத்தம் பெருகும்போது, வந்து சேரும் ஒளி கொஞ்சம் குறைகிறது. அந்தத் துடிக்கும் பகுதியை (AC) மாறாத பகுதியால் (DC) வகுத்து, இரண்டு நிறங்களுக்கும் கிடைத்ததை மறுபடி ஒன்றால் ஒன்றை வகுக்கிறது கருவி.

```
R = (AC_red / DC_red) / (AC_ir / DC_ir)
SpO2 ≈ 110 − 25 × R
```

SpO2 என்பது திரையில் தெரியும் ஆக்சிஜன் அளவு. அதைத் தரும் இரண்டாவது வரி பாடநூல்களில் வரும் தோராயம்தான். விற்பனைக்கு வரும் கருவிகளுக்குள் அந்தந்த நிறுவனம் தயாரித்த அட்டவணை இருக்கும். ஆனாலும் எவ்வளவு நுட்பமான இடத்தில் நிற்கிறோம் என்பதை இந்த வரியே காட்டிவிடும். R 0.80 என்றால் 90%. அது 0.72 ஆனால் 92%. தகவில் பத்தில் ஒரு பங்கு சரிந்தால் திரையில் 2 புள்ளி ஏறிவிடுகிறது.

தோலின் நிறம் இந்தக் கணக்கில் வரவே கூடாது என்பதுதான் 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி கண்ட வழியின் அழகு. மெலனின் துடிப்பதில்லை. அது ஒளியை எவ்வளவு விழுங்கினாலும், துடிக்கும் பகுதியும் மாறாத பகுதியும் ஒரே விகிதத்தில் குறையும். வகுக்கும்போது இரண்டும் அடிபட்டுப்போகும். பெருமளவு உண்மையும் அதுதான். அதனால்தான் பிழை 20 புள்ளியாக இல்லாமல் 2, 3 புள்ளிகளில் நிற்கிறது.

முழுவதும் அடிபட்டுப்போகாததற்கு ஒரு காரணம் விளக்கிலேயே இருக்கிறது. எல்இடி ஒரே ஓர் அலைநீளத்தை மட்டும் உமிழ்வதில்லை; 660-ஐச் சுற்றி இருபுறமும் பரவிய ஒரு பட்டையை உமிழ்கிறது. மெலனின் குறுகிய அலைநீளங்களைக் கூடுதலாக விழுங்கும். எனவே கருமையான தோலுக்குள் நுழைந்த சிவப்பு ஒளியில் குறுகிய பக்கம் கூடுதலாக வெட்டுப்பட்டு, மிஞ்சிய ஒளியின் சராசரி அலைநீளம் சற்றே நீள்கிறது. 660-க்கு அருகில் ஆக்சிஜனற்ற ஹீமோகுளோபினின் விழுங்கும் திறன் ஒரு சரிவைப் போல இறங்குகிறது. அலைநீளம் கொஞ்சம் நீண்டாலே அது விழுங்கும் அளவு குறையும். அதே இரத்தம்தான், ஆனால் சிவப்பைக் குறைவாக விழுங்குவது போலத் தோன்றும். R இறங்கும், திரையில் எண் ஏறும்.

இந்த விளக்கத்திலிருந்து ஒன்று தெளிவாகிறது. ஆக்சிஜனற்ற ஹீமோகுளோபின் மிகக் குறைவாக இருக்கும்போது, அதாவது 98% அளவில், இந்த நழுவல் கண்ணுக்கே தெரியாது. ஆக்சிஜன் இறங்க இறங்கப் பிழை வளரும். நலமாக இருப்பவர் விரலில் மாட்டிப் பார்த்து ‘சரியாகத்தானே காட்டுகிறது’ என்று முடிவுகட்டுவதில் பொருளில்லை. கை குளிர்ந்து இரத்த ஓட்டம் குறைந்திருந்தால் துடிக்கும் பகுதி மேலும் சிறுத்துப்போகிறது. மெலனினும் பலவீனமான துடிப்பும் சேரும்போதுதான் நிலைமை மோசமாகிறது. இரண்டையும் தனித்தனியே சோதித்துவிட்டு ஒவ்வொன்றும் சிறிது என்று எழுதுவது போதாது.

இனி உங்கள் சோதனைக்கு வருவோம். கருவிக்குள் இருக்கும் அட்டவணை கோட்பாட்டிலிருந்து பிறப்பதில்லை. நலமான தன்னார்வலர்களைக் குறைந்த ஆக்சிஜன் கலந்த காற்றைச் சுவாசிக்கவைத்து, 100%-இலிருந்து 70% வரை படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் தமனி இரத்தம் எடுத்து ஆய்வகக் கருவியில் உண்மை அளவைப் பார்த்து, அதற்கு எதிரே R-ஐக் குறித்துக்கொள்கிறார்கள். யாருடைய விரல்கள் அந்த அறையில் இருந்தனவோ அவர்களுடைய தோல்தான் ‘இயல்பு’ என்று அட்டவணைக்குள் பதிகிறது. சரிபார்க்கும் சோதனையும் இதே முறையில்தான் நடக்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 2013 வழிகாட்டுதல் குறைந்தது 10 பேர், 200 அளவீடுகள், அவர்களில் கருமையான தோலுடையவர் 2 பேர் அல்லது 15%, இரண்டில் எது கூடுதலோ அது என்று கேட்டது. பிழைகள் ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் கண்டால் வரும் எண் விரலில் மாட்டும் கருவிக்கு 3-ஐத் தாண்டக் கூடாது.

இந்த விதிப்படி ஒரு கருவியைச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். எண்கள் எங்கள் கற்பனை, கணக்கு விதியினுடையது. 10 பேர், ஆளுக்கு 20 அளவீடு. வெளிர் தோலுடைய 8 பேரிடம் கருவிக்குச் சாய்வே இல்லை, அதாவது எப்போதும் ஒரே பக்கமாகப் பிசகுவதில்லை. சிதறல் மட்டும் 1.8. வர்க்கச் சராசரி 3.24. கருமையான தோலுடைய 2 பேரிடம் சராசரியாக 3.5 கூட்டிக் காட்டுகிறது, சிதறல் 2. வர்க்கச் சராசரி 12.25 + 4 = 16.25, அதன் மூலம் 4.03. இந்த இருவரை மட்டும் வைத்துப் பார்த்தால் கருவி தோற்றுவிட்டது. ஆனால் விதி எல்லாரையும் ஒரே பானையில் போடச் சொல்கிறது: 0.8 × 3.24 + 0.2 × 16.25 = 5.84. மூலம் 2.42. கருவி தேறிவிட்டது, அதுவும் தாராளமாக.

இங்கே யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘துல்லியம் 2.4’ என்று பெட்டியில் அச்சிட்டால் அது உண்மையே. அந்த ஓர் எண்ணுக்குள் இரண்டு வேறு வகைப் பிழைகள் கரைந்துபோயின என்பதுதான் கோளாறு. சிதறல் என்பது இப்படியும் அப்படியும் விழுவது. மூன்று முறை அளந்து சராசரி எடுத்தால் குறையும். சாய்வு எப்போதும் ஒரே பக்கம் விழும். முப்பது முறை அளந்தாலும் அதே பொய்யை முப்பது முறை கேட்போம், ஒவ்வொரு முறையும் கூடுதல் நம்பிக்கையோடு.

இது படுக்கையருகில் என்ன செய்யும்? 90%-க்குக் கீழே போனால் ஆக்சிஜன் தொடங்கு என்பது நெறிமுறையாக இருக்கட்டும். வெளிர் தோலுடைய ஒருவர், கருமையான தோலுடைய ஒருவர்; இருவருக்கும் உண்மை அளவு 88%. பிழை மேலே போகப் போகச் சுருங்கும் என்பதால் இந்த இடத்தில் 3.5 வேண்டாம், 2 புள்ளிச் சாய்வு என்றே கொள்வோம். சாய்வில்லாதவருக்கு, முன்பு சொன்ன 1.8 சிதறலோடு, 90-ஓ அதற்கு மேலோ காட்டி ஏமாற்றும் வாய்ப்பு சுமார் 13%. மற்றவருக்கு 50%, நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. வெட்டுக்கோடு ஒன்றை வைத்து முடிவெடுக்கும் இடங்களில் 2 புள்ளி சிறிய பிழை அல்ல.

மருத்துவமனைத் தரவும் இதே திசையில்தான் இருக்கிறது. 2020 டிசம்பரில் வெளியான ஓர் ஆய்வில், மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், ஆக்சிமீட்டர் 92 முதல் 96% வரை காட்டிய நேரங்களை எடுத்துத் தமனி இரத்த அளவோடு ஒப்பிட்டார்கள். உண்மை அளவு 88%-க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் 11.7% அளவீடுகளில், வெள்ளையின நோயாளிகளிடம் 3.6% அளவீடுகளில். அந்த ஆய்வுக்கும் வரம்பு உண்டு. இரண்டு அளவீடுகளுக்கும் இடையே 10 நிமிடம் வரை இடைவெளி இருக்கலாம். மேலும் அங்கே பதிவானது நோயாளி சொன்ன இனம், அளந்து பார்த்த தோல் நிறம் அல்ல. ஒளிக்கு இனம் தெரியாது, மெலனின்தான் தெரியும்.

அதனால்தான் எங்கள் முதல் கோரிக்கை நிறத்தை அளப்பது பற்றியது. ‘கருமையான தோல்’ என்று கண்ணால் பார்த்துக் குறிப்பது அளவீடு அல்ல. ஒருவர் கருமை என்பதை இன்னொருவர் மாநிறம் என்பார். நிறமானியால் தோலின் ஒளிர்வை L* என்றும் மஞ்சள்தன்மையை b* என்றும் அளந்து, ITA என்ற கோணமாகச் சொல்லும் முறை இருக்கவே இருக்கிறது:

```
ITA = arctan((L* − 50) / b*) × 180 / π
```

கோணம் குறையக் குறையத் தோல் கருமை. அதை நெற்றியிலோ முன்கையிலோ மட்டும் எடுத்து நிறுத்திவிடாமல், உணரி மாட்டும் விரலின் புறப்பக்கத்திலும் எடுக்கச் சொல்லுங்கள். விரலின் உள்பக்கம் பெரும்பாலும் வெளிறித்தான் இருக்கும். 2025 ஜனவரியில் வெளியான அமெரிக்க வரைவு வழிகாட்டுதல் 150 பேருக்குக் குறையாமல் சோதிக்கவும் நிறத்தை இந்தக் கோணத்தால் அளக்கவும் சொல்வது சரியான திசை. ஆனால் ஆட்களைக் கூட்டினால் மட்டும் போதாது. மேலே போட்ட கணக்கில் 10 பேருக்குப் பதில் 150 பேரை வைத்து, விகிதத்தை மாற்றாமல் விட்டால், விடை அதே 2.42.

ஆகவே சாய்வையும் சிதறலையும் தனித்தனியாக, ஒவ்வொரு நிறப் பிரிவுக்கும் தனித்தனியாக வெளியிடச் சொல்லுங்கள். 70 முதல் 100 வரை முழுவதற்கும் ஓர் எண் போதாது. முடிவுகள் எடுக்கப்படும் 85 முதல் 92 வரையிலான பகுதிக்குத் தனியாக வேண்டும். தேர்ச்சியை எல்லாரின் சராசரியால் அல்ல, மிக மோசமான பிரிவின் எண்ணால் தீர்மானியுங்கள்.

‘கருமையான தோலுக்கு 2 புள்ளி கழித்துக்கொள்’ என்று ஒரு திருத்தத்தை எழுதிவைக்கும் ஆசை வரும். வேண்டாம். பிழை கருவிக்குக் கருவி மாறுகிறது, அதே ஆளிடம் கை குளிர்ந்தால் மாறுகிறது, ஆக்சிஜன் அளவோடு மாறுகிறது. நிலையான எண்ணைக் கழித்தால் ஒரு சாய்வின் மேல் இன்னொரு சாய்வை ஏற்றியதாகும்.

புதிய கருவிகள் வரும்வரை சிகிச்சை நெறிமுறை எழுதும் குழுக்கள் செய்யக்கூடியது உண்டு. நகப்பூச்சை நீக்கி, விரலைச் சூடாக்கி, அலை வடிவம் சீராகும்வரை காத்திருந்து எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள். நோயாளியை மருத்துவமனையில் அனுமதிக்கும்போது ஒருமுறை தமனி இரத்தம் எடுக்க நேர்ந்தால், அதே நிமிடத்தில் ஆக்சிமீட்டர் காட்டியதையும் பக்கத்தில் எழுதவைத்தால், அந்த நோயாளிக்கு அந்தக் கருவி எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்பது ஓரளவு தெரிந்துவிடும். தமனியில் ஊசி குத்துவது வலிக்கும் வேலை, எல்லாருக்கும் செய்ய முடியாது. ஆனால் மூச்சு வேகமாக, பேச்சு திணறலாக, திரை மட்டும் 93 என்று அமைதியாக இருக்கும் நோயாளிக்கு அதைச் செய்தே ஆக வேண்டும் என்று நெறிமுறையில் ஒரு வரி இருக்கட்டும்.

இப்படிக்கு,
மருத்துவ அளவீட்டுத் துறையில் பணிபுரிவோர் சிலர்