முற்பணம் தீர்க்காதவர்களில் ஒருத்தி எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் அரச செலவு பற்றி வந்த கட்டுரையை முழுவதும் வாசித்தேன். நல்ல கட்டுரைதான், குறை சொல்லவில்லை. ஆனால் நடுவில் ஒரு வசனம் போட்டிருக்கிறீர்கள்: "முற்பணத்தை வாங்கிக்கொண்டு வெளிநாடு சுற்றிவிட்டு வந்து கணக்குக் காட்ட மனமில்லாத உத்தியோகத்தர்கள்." காலைத் தேநீர் கையிலேயே ஆறிப்போனது. ஏனென்றால் அந்த உத்தியோகத்தர்களில் நானும் ஒருத்தி. என் பெயர் 14 மாதம் முற்பணம் தீர்க்காதவர்கள் பட்டியலில் கிடந்தது.

கந்தோரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அரசுக் காசில் நடக்கிற யாழ்ப்பாணத்து நிறுவனம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருபது வருடத்துக்கு மேல் பயணக் கோப்புகளைப் பார்த்தவள் நான். யார் எந்த வகுப்பில் பறப்பது, யாருக்கு எத்தனை டொலர் நாளாந்தப் படி, யார் எத்தனை நாளுக்குள் முற்பணம் தீர்க்க வேண்டும், எல்லாம் என் மேசையால்தான் போகும். நிதிப்பிரமாணம் 371, அதன்மேல் 2015இல் வந்த சுற்றறிக்கை, வேலை முடிந்து 10 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பது, இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டு அப்படி எழுதினீர்களே என்பதுதான் என் கவலை.

இத்தனை வருடத்தில் நான் வெளிநாடு போனது ஒரே ஒரு தடவை. 2022 மார்ச்சில், பாங்கொக்கில் ஐந்து நாள் பயிற்சி. எங்கள் தலைவரும் அதே பயிற்சியின் தொடக்க விழாவுக்கு வந்தார். அவருக்கு பிஸ்னஸ் கிளாஸ், எனக்குப் பின்னால். அதில் எனக்கு வருத்தம் இல்லை, விதி அப்படி, அந்த விதியைக் காட்டி எத்தனை பேரைப் பின்னால் இருத்தியவள் நானே. மூன்றரை மணித்தியாலப் பறப்பில் கால் நீட்டிப் படுக்காவிட்டால் விழா நடக்காது என்றால் சரி, படுக்கட்டும். அவர் விளக்கேற்றிவிட்டு மறுநாளே திரும்பினார். அவருடைய முற்பணம் மூன்று நாளில் தீர்ந்தது. சில கோப்புகளுக்கும் பிஸ்னஸ் கிளாஸ் உண்டு போலிருக்கிறது.

என்னுடைய கணக்கைச் சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள், ஒரு கூட்டல் கழித்தலுக்கு மேல் இல்லை.

எங்கள் நிறுவனத்தின் விதியில் என் தரத்துக்கு ஒன்றுமே கொடுபடாவிட்டால் நாளுக்கு 100 டொலர். தங்குமிடம் மட்டும் கொடுபட்டால் 40. தங்குமிடமும் உணவும் கொடுபட்டால் 20. "உணவு" என்றால் எத்தனை நேர உணவு என்று ஓரிடத்திலும் இல்லை. பயிற்சிக்காரர் தங்குமிடம், காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு தந்தார்கள். இரவுச் சாப்பாடு எங்கள் பாடு. அதனால் 40 என்று எடுத்து ஆறு நாளுக்கு 240 டொலர் முற்பணம் கேட்டேன், கணக்காளரும் கையெழுத்து வைத்தார். மார்ச் தொடக்கத்தில் டொலர் 203 ரூபாய். 48,720 ரூபாய் கைக்கு வந்தது. டொலரை நாங்கள்தான் கடவுச்சீட்டையும் டிக்கெட்டையும் காட்டி வங்கியில் வாங்க வேண்டும். 4ஆம் திகதி போனேன். நோட்டு இல்லை என்று 140 டொலர்தான் தந்தார்கள், மிச்சத்துக்கு அடுத்த கிழமை வரச் சொன்னார்கள்.

அந்த அடுத்த கிழமை என்ன நடந்தது என்று உங்கள் பத்திரிகையின் முதல் பக்கத்திலேயே இருக்கும். 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாயை இளக்கி விட்டது. நான் 11ஆம் திகதி போனபோது விலை 260ஐ ஒட்டி நின்றது. மிச்சம் இருந்த 20,300 ரூபாய்க்கு 100 டொலர் வரவேண்டியது, 78 டொலர்தான் வந்தது. ஆக 240க்குக் கையெழுத்து வைத்துவிட்டு 218ஓடு போனேன். கூடுதல் முற்பணம் கேட்கலாமே என்பீர்கள். கேட்டேன். பயணம் மறுநாள், ஒப்புதலுக்கு நாலு கையெழுத்து.

இடையில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது பழைய கோபம். எங்கள் விதியில் பயணம் என்பது கட்டுநாயக்கவில் விமானம் எழும்பும்போது தொடங்கி, அங்கே இறங்கும்போது முடிகிறது. நான் 12ஆம் திகதி சனிக்கிழமை பின்னேரம் ஆறரைக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டு, டீசல் இருக்குமா இல்லையா என்று டிரைவரே சொல்லமுடியாத அந்த நாட்களில் இரவு பஸ்ஸில் போய், ஞாயிறு மதியம் ஒன்றரைக்குப் பறந்தேன். அடுத்த சனி இரவு 11.50க்கு இறங்கி, ஞாயிறு மதியம் வீடு சேர்ந்தேன். வாசலில் இருந்து வாசலுக்கு ஏழே முக்கால் நாள். விதிப்படி ஆறு நாளும் பத்து மணித்தியாலமும் சொச்சமும். சொச்சம் 12 மணித்தியாலத்துக்குக் குறைந்தால் கணக்கில் இல்லை. கொழும்பில் இருப்பவருக்கு இந்த விதியால் ஒரு நட்டமும் இல்லை, அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு விமானநிலையம் போவார். பலாலி 2019இல் திறந்தது, 2020இல் கொரோனாவோடு மூடியது, 2022 டிசம்பர் வரை பூட்டித்தான் கிடந்தது. எங்களுக்கு அந்த எட்டு மணித்தியால பஸ்ஸும் வெளிநாட்டுப் பயணத்தில் ஒரு பங்குதான். உள்ளூர்ப் படி என்று ஒன்று தருவார்கள், அது கொடிகாமத்தில் ஒரு தேநீருக்கும் வடைக்கும் சரி.

சரி, முற்பணத்துக்கு வருகிறேன். 20ஆம் திகதி வீடு வந்தேன், 28ஆம் திகதி கோப்பைக் கொடுத்தேன். பத்து நாள் முடியவில்லை என்பதைக் கவனியுங்கள். போர்டிங் பாஸ் துண்டுகள், கடவுச்சீட்டில் போன முத்திரையும் வந்த முத்திரையும் உள்ள பக்கத்தின் பிரதி, அழைப்புக் கடிதம், அறிக்கை, எல்லாம் இருந்தன. நாள் கணக்குக்கு அந்த முத்திரைதான் சாட்சி என்பதால் பக்கத்தை இரண்டு பிரதி வைத்தேன், மற்றவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதே அதுதான். மிஞ்சிய 40 டொலரையும் கடித உறையில் போட்டுக் கொண்டுபோனேன். காசாளர் டொலரைத் தொடமாட்டார் என்று அன்றுதான் தெரிந்தது. உறை திரும்பி வந்து என் லாச்சிக்குள் கிடந்தது.

கோப்பு கணக்குப் பகுதியில் நின்றது. உணவு தந்தார்களா என்று பாங்கொக்குக்கு ஒரு மின்னஞ்சல், பதில் வரவில்லை என்று இன்னொன்று. கடைசியில் "உணவு வழங்கப்பட்டது" என்று ஒரு வரி வந்தது. எத்தனை நேரம் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மே 18ஆம் திகதி எனக்குக் கடிதம்: உமக்கு உரித்து நாளுக்கு 20, ஆறு நாளுக்கு 120 டொலர், பெற்றது 240, ஆகவே 120 டொலரைத் திருப்பிச் செலுத்தவும். எந்த விலைக்கு? "இன்றைய விலைக்கு." அன்று அது 360. அதாவது 43,200 ரூபாய்.

ஐயா, கந்தோர் எனக்குத் தந்ததே 48,720. ஆறு நாள் கடமைக்குப் போய்வந்தவள் வைத்துக்கொள்ளக்கூடியது 5,520 ரூபாய், அன்றைய விலையில் 16 டொலர்கூட இல்லை. உரித்து 120 டொலர் என்று சொன்ன அதே கடிதம்தான் 16 டொலரையும் மிச்சம் விட்டது. முற்பணம் கணித்த 203க்கே போட்டால் திருப்பவேண்டியது 24,360. இரண்டுக்கும் இடையில் 18,840 ரூபாய், அது நான் செலவழித்த காசும் இல்லை, ஒளித்து வைத்த காசும் இல்லை, முற்பணம் தந்த நாளில் இருந்து கடிதம் வந்த நாள் வரை ரூபாய் விழுந்த காசு.

நான் கட்டவில்லை. எழுதிக் கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே கணக்காய்வு வந்தது, ஐயவினாவும் வந்தது: "2022 மார்ச்சில் பெற்ற முற்பணம் இதுவரை தீர்க்கப்படவில்லை." அந்தப் பட்டியலில் பெயர் இருக்கும், தொகை இருக்கும், பெற்ற திகதி இருக்கும். உத்தியோகத்தர் கணக்குக் கொடுத்த திகதிக்கு மட்டும் நிரல் இல்லை. அதைப் பார்த்துத்தான் நீங்களும் உங்கள் கட்டுரையாளரும் "மனமில்லாத" என்று எழுதுகிறீர்கள். மகள் கொழும்பிலிருந்து போன் எடுத்து, அம்மா என்ன இது என்று கேட்டாள். யாரோ அந்தப் பட்டியலைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள்.

14 மாதம் கழித்து 203 என்று ஒத்துக்கொண்டார்கள். 24,360ஐ இரண்டு சம்பளத்தில் வெட்டினார்கள். இரவுச் சாப்பாடு கடைசிவரை உணவில்தான் அடங்கியது. வாங்கும்போதே குறைந்த 22 டொலரை ஒருவரும் விசாரிக்கவில்லை. இப்போது நான் ஓய்வில், கட்டுப்பாடு இல்லாமல் எழுதலாம்.

ஏமாற்றுகிறவர்கள் இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. என் மேசைக்கே வந்திருக்கிறார்கள். தங்குமிடம் தருகிறோம் என்ற வரி உள்ள பக்கத்தை மட்டும் கழற்றிவிட்டு அழைப்புக் கடிதம் இணைத்து 100 டொலர் கேட்டவர் உண்டு. பக்க இலக்கம் 1, 3 என்று போவதைப் பார்த்துத்தான் பிடித்தேன். அப்படிப்பட்டவரின் முற்பணம் பெரும்பாலும் நேரத்துக்குத் தீர்ந்துவிடும், ஐயா, கோப்பு சுத்தமாக இருக்குமே. பட்டியலில் நிற்பது விடயம் இழுபடுகிறவர்கள். இதை உங்கள் கட்டுரையாளர் ஒரு கணக்குக் கிளார்க்கிடம் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த தடவை இந்தப் பட்டியலைப் போடும்போது கணக்குக் கொடுத்த திகதியையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். இதை வாசிக்கும் கணக்காளர் யாராவது இருந்தால், முற்பணப் படிவத்தில் இரண்டு வரி சேர்க்கட்டும். காலை, மதியம், இரவு என்று மூன்று பெட்டி போட்டு எது கொடுபடும் என்று ஒரு வரி. மிஞ்சிய டொலரை வங்கியில் மாற்றியிருந்தால் அந்தப் பற்றுச்சீட்டின் விலை, மற்றதுக்கெல்லாம் முற்பணம் தந்த நாளின் விலை என்று ஒரு வரி. அந்த இரண்டு வரியும் இருந்திருந்தால் என் கோப்பு ஏப்ரலில் மூடியிருக்கும்.

கடிதம் நீண்டுவிட்டது, தெரியும். இடம் காணாவிட்டால் பஸ் கதையையும் தலைவரையும் வெட்டுங்கள். 203ஐயும் 360ஐயும் வெட்டவேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முகாமைத்துவ உதவியாளர்,
சாவகச்சேரி.