மருந்துக் கடையில் வாங்கும் புற்றுநோய் மாத்திரைகள்: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். நவீன சிகிச்சைகள் பன்னிரண்டைப் பட்டியலிட்டு, அவற்றை மருத்துவக் காப்பீட்டிலிருந்து விலக்கக் கூடாது என்று ஆணையம் 2019 செப்டம்பரில் அறிவுறுத்தியது. வாய்வழி கீமோதெரபியும் அப்பட்டியலில் உண்டு. ஆனால், உள்நோயாளியாகவோ, மருத்துவமனையின் டே கேர் பிரிவிலோ, மருத்துவமனைச் சிகிச்சைக்கு ஈடாக வீட்டிலோ பெறும்போது என்ற நிபந்தனையும் கூடவே இருக்கிறது. மாத்திரையை நோயாளி வீட்டில்தான் விழுங்குகிறார். அதற்காகப் படுக்கையில் கிடப்பதில்லை. கொடுத்ததை அந்த ஒரு நிபந்தனையே திரும்ப எடுத்துக்கொள்கிறது.

பெருங்குடல் புற்றுநோய்க்கு வழக்கமாகத் தரப்படும் ஒரு சிகிச்சையைப் பாருங்கள். முதல் நாள் ஆக்சாலிபிளாட்டின் மருந்தை மருத்துவமனையில் நரம்பு வழியே ஏற்றுகிறார்கள். அன்று தொடங்கி 14 நாட்கள் காலையும் மாலையும் கேபசிட்டபின் மாத்திரை. பிறகு ஒரு வாரம் ஓய்வு. உடல் பரப்பளவு 1.6 சதுர மீட்டர் உள்ளவருக்கு வேளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை மூன்று என்று வைத்தால், ஒரு சுற்றுக்கு 84 மாத்திரைகள். இரண்டும் ஒரே மருத்துவர் ஒரே சீட்டில் எழுதிய ஒரே சிகிச்சை. ஆனால் ஏற்றிய மருந்துக்கான பில் டே கேர் என்று ஏற்கப்பட, மாத்திரை பில் புறநோயாளிச் செலவு என்று வெட்டப்படுவதைக் காண்கிறோம். கேபசிட்டபின் உடலுக்குள் சென்று ஃப்ளூரோயுராசில் ஆகவே மாறுகிறது. அதே ஃப்ளூரோயுராசிலைப் பம்பு வைத்து 46 மணி நேரம் மருத்துவமனையில் ஏற்றிக்கொண்டால் கிளெய்ம் கிடைக்கும். செலவும் அலைச்சலும் குறைந்த வழியைத் தேர்ந்தவர்தான் கைக்காசைப் போடுகிறார்.

இதனால் மாத்திரைக்காகவே ஒரு நாள் அட்மிஷன் போடும் பழக்கம் வந்தது. அட்மிஷன் தேவையே இல்லை என்று அதையும் நிறுவனங்கள் மறுக்கலாம். மருத்துவ ரீதியில் அவர்கள் சொல்வது சரிதான் என்பதே இதில் வேடிக்கை.

புற்றுநோய் செல்லின் குறிப்பிட்ட மூலக்கூறைக் குறிவைத்துத் தாக்கும் இமாட்டினிப், ஆசிமெர்டினிப் போன்ற இலக்குசார் மாத்திரைகளின் நிலை இன்னும் மோசம். இவை கீமோதெரபி அல்ல என்று ஒரு வாதம். நோய் எதிர்ப்புச் சிகிச்சை என்ற இனத்திலோ, ஊசியாகச் செலுத்தும் மோனோக்ளோனல் ஆன்டிபாடி மட்டுமே குறிப்பிடப்பட்டுள்ளது. ஆக, பட்டியலின் இரண்டு வரிகளுக்கும் நடுவே இவை விழுந்துவிடுகின்றன. இமாட்டினிப்பை நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயாளர்கள் ஆண்டுக்கணக்கில் தினமும் சாப்பிட வேண்டியிருக்கிறது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபின் 60 நாள் செலவு தருவோம் என்ற பொதுவான பிரிவு அவர்களுக்கு எத்தனை நாளைக்கு உதவும்?

நிறுவனங்கள் பொய் பில்லுக்கு அஞ்சுவது நியாயமே. புற்றுநோய் மருத்துவரின் சீட்டு, நோயை உறுதிசெய்த பயாப்ஸி அல்லது மரபணுப் பரிசோதனை அறிக்கை, தொகுதி எண்ணுடன் கூடிய மருந்துக் கடை பில் ஆகிய மூன்றையும் கேட்டுப் பெறட்டும். இவை இருந்தால், அட்மிஷன் இல்லாமலே மாத்திரைச் செலவு ஏற்கப்பட வேண்டும் என்றும், 'வாய்வழி கீமோதெரபி' என்பதில் இலக்குசார் மாத்திரைகளும் அடங்கும் என்றும் ஆணையம் எழுத்தில் தெளிவுபடுத்த வேண்டுகிறோம். உச்சவரம்பு வைப்பதானால், அந்தத் தொகையைப் பாலிசியின் முதல் பக்கத்திலேயே அச்சிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
புற்றுநோயாளர்களுக்குக் கிளெய்ம் படிவங்கள் நிரப்ப உதவும் தன்னார்வலர்கள்