ஆண்டு விழாக் குழு ஆசிரியர்களுக்கு, உடை வாடகைக் கடையிலிருந்து

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் நாட்டிய உடையும் நகையும் வாடகைக்குக் கொடுக்கும் சிறிய கடை எங்களுடையது. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றின் ஆண்டு விழாவில் எங்கள் துணிதான் மேடை ஏறுகிறது. தை பிறந்ததும் உங்களிடமிருந்து சீட்டு வரத் தொடங்கும். பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: ‘கோலாட்டம், பெண்கள், 16 செட், நாலாம் வகுப்பு.’ அந்த ஒரு வரியால்தான் விழா முடிந்த மறுநாள் உங்களுக்கும் எங்களுக்கும் மனஸ்தாபம் வருகிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

ஒரு பிள்ளை உடம்பில் எத்தனை உருப்படி ஏறுகிறது என்று பாருங்கள். கோலாட்டத்துக்கு இப்போது எல்லாப் பள்ளியும் கேட்பது பரதநாட்டியப் பாணியில் தைத்த உடையைத்தான். அதில் துணி மட்டும் ஐந்து: ரவிக்கை, பைஜாமா, முன் விசிறி, மேலாக்கு, இடுப்பின் பின்பக்கம் கட்டும் துணி. தலைக்கும் ஐந்து: நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்குடி, குஞ்சலம். காதுக்கு ஜிமிக்கி இரண்டு, மாட்டல் இரண்டு. கழுத்துக்கு அட்டிகையும் ஆரமும். கைக்கு வங்கி இரண்டு, இடுப்புக்கு ஒட்டியாணம், காலுக்குச் சலங்கை இரண்டு, கையில் கோல் இரண்டு. மொத்தம் 23. பதினாறு பிள்ளைகளுக்கு 368. ஆடும்போது உடைந்தால் மாற்றிக் கொடுக்க நாங்கள் தரும் இரண்டு ஜோடி கோலையும் சேர்த்தால் 372. நீங்கள் ‘16’ என்று கையெழுத்துப் போட்டு வாங்கிப் போவது இந்த 372 உருப்படிகளைத்தான்.

வளையலும் சவுரியும் இந்தக் கணக்கில் இல்லை, கவனியுங்கள். கண்ணாடி வளையல் அளவுக்கு அளவு மாறும், பாதி உடைந்துதான் திரும்பும். அது பிள்ளை வீட்டிலிருந்தே வரட்டும். சவுரியை நாங்கள் வாடகைக்குக் கொடுப்பதே இல்லை. காரணம் பேன்தான், வேறொன்றும் இல்லை. ஊக்கு, கொண்டை ஊசி, பூ, ஒட்டுப்பொட்டு, மை, ஆல்தா எல்லாம் தீர்ந்துபோகும் பொருள்கள். அவற்றுக்கு ஒரு தனித்தாள் வையுங்கள். திரும்ப வேண்டியதையும் தீர்ந்துபோவதையும் ஒரே தாளில் எழுதினால், மறுநாள் அதைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் விளங்காது.

சென்ற ஆண்டு ஒரு பள்ளியிலிருந்து எல்லாவற்றையும் இரண்டு பெட்ஷீட்டில் மூட்டை கட்டி அனுப்பினார்கள். பிரித்து எண்ணியபோது மூன்று ஜிமிக்கி, ஒரு சந்திரப்பிறை, ஒரு சலங்கை குறைந்தன. யாரிடம் கேட்பது? பதினாறு வீட்டுக்கும் ஆசிரியை போன் செய்தார். பதினாறு வீட்டிலும் ‘நாங்கள் அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டோமே’ என்றார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. கழற்றிக் கொடுத்தது எல்லோருக்கும் நினைவிருந்தது, என்ன கொடுத்தோம் என்பதுதான் ஒருவருக்கும் நினைவில்லை. கடைசியில் முன்பணத்தில் பிடித்தோம். ஒரு ஜிமிக்கி போனால் ஜோடிக்கே பணம் பிடிக்கிறீர்களே என்று ஆசிரியை கோபித்துக்கொண்டார். நியாயமான கோபம்தான். ஆனால் ஒற்றை ஜிமிக்கியை நான் யாருக்கு வாடகைக்கு விட முடியும்? கல் உதிர்ந்ததற்கு நாங்கள் பணம் பிடிப்பதில்லை. இவை வடசேரியில் செய்கிற அசல் கோயில் நகைகள் அல்ல, முலாம் பூசியவை. கல் உதிரத்தான் செய்யும், நாங்களே ஒட்டிக்கொள்வோம். ஜோடி உடைவதுதான் எங்களுக்கு நஷ்டம்.

இதற்கு நான் கேட்பது ஒன்றுதான். பொருள்வாரியாக எண்ணுவதை விட்டுவிட்டுப் பிள்ளைவாரியாக எண்ணுங்கள். பிள்ளைக்கு ஒரு மஞ்சள் பை. பையின் காதில் 1 முதல் 16 வரை எண் எழுதிய அட்டையைக் கட்டுங்கள். பெயர் வேண்டாம், ஒரே வகுப்பில் மூன்று தர்ஷினி இருப்பார்கள். பைக்குள் இன்னோர் அட்டையில் அந்த 23 உருப்படிகளும் தலையிலிருந்து கால்வரை வரிசையாக, பக்கத்தில் ‘கொடுத்தது’, ‘வந்தது’ என்று இரண்டு கட்டங்களோடு இருக்கட்டும். ஜோடியாக உள்ளதை ‘ஜிமிக்கி வலது’, ‘ஜிமிக்கி இடது’ என்று இரண்டு வரியாக எழுதுங்கள். ஒரே வரியாக இருந்தால் ஒன்றைப் பார்த்தவுடன் கை தானாக டிக் அடித்துவிடும். பிறையில் இது இன்னும் அதிகம். சூரியன் வட்டமாகத் தலையின் வலப்பக்கம் இருக்கும், சந்திரன் பிறையாக இடப்பக்கம். இரண்டும் ஜோடி என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாததால், ஒன்று வந்தாலே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். நகையின் பின்பக்கம் மருந்துக்கடைத் துணி டேப்பில் பிள்ளையின் எண்ணை எழுதி ஒட்டுங்கள். முலாத்தின்மேல் நேரடியாகப் பேனாவால் எழுத வேண்டாம்.

கடையில் வாங்கும்போதே ‘கொடுத்தது’ கட்டத்தை எங்கள் எதிரிலேயே நிரப்புங்கள். முக்கியமாகச் சலங்கையைக் கையில் எடுத்து உலுக்கிப் பாருங்கள். தொங்கும் மணி இருந்தால் காட்டுங்கள், அங்கேயே தைத்துத் தருகிறோம். மேடையில் உதிரும் மணி அடுத்த ஆட்டத்துப் பிள்ளையின் வெறுங்காலில்தான் ஏறும்.

இரண்டு ஆட்டத்தில் வரும் பிள்ளைகள் தனிக் கணக்கு. கோலாட்டத்தில் 16 பேர், நாற்று நடவு நடனத்தில் 12 பேர், இரண்டிலும் ஆடுபவர்கள் 5 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டவாரியாகக் கூட்டி 28 ஜோடி சலங்கை கேட்பீர்கள். உண்மையில் பிள்ளைகள் 23 பேர்தான். சலங்கையும் 23 ஜோடி போதும், காதணியும் அப்படியே. ஐந்து ஜோடிக்கு வாடகை மிச்சம் என்பது ஒருபுறம் இருக்க, அதிகப்படியாக வந்த அந்த ஐந்தும் யாருடைய பையிலும் சேராமல் பெஞ்சின்மேல் கிடக்கும். தொலைவது அவைதான். இந்த ஐவருக்கு மட்டும் ஒரே எண்ணில் ‘7 அ’, ‘7 ஆ’ என்று இரண்டு பைகள் வையுங்கள். பொதுவான சலங்கையும் காதணியும் ‘அ’ அட்டையில் மட்டும் இருக்கட்டும். நிகழ்ச்சி நிரல் எழுதும் ஆசிரியரிடம் சொல்லி இரண்டு ஆட்டத்துக்கும் நடுவே வேறு இரண்டு நிகழ்ச்சியாவது வரும்படி செய்யுங்கள். அடுத்தடுத்து வைத்தால் உடை மாற்றும் அவசரத்தில் முன் விசிறியின் நாடாவைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுகிறார்கள். இது நடக்காத ஆண்டே இல்லை.

இனி இரவு. பொருள்கள் தொலைவது விழா முடிந்த அரை மணி நேரத்தில்தான். தை, மாசி என்றால் சம்பா அறுவடை; அப்பா களத்தில் நிற்பார், அம்மா மட்டும் வந்திருப்பார், கடைசி பஸ் போய்விடும். ‘நாளைக்குப் பள்ளியில் கொடுத்துவிடுகிறேன் டீச்சர்’ என்று பிள்ளையை அப்படியே அழைத்துப் போவார். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். ஆட்டம் முடிந்ததும், பரிசளிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கழற்றிவிடலாம். நான்கு பிள்ளைக்கு இரண்டு பெரியவர்கள்: ஒருவர் கழற்றுவார், ஒருவர் அட்டையில் குறிப்பார். ஒருவரே இரண்டையும் செய்தால் குறிப்பது நின்றுபோகும். முதலில் சலங்கையை அவிழ்த்துவிடுங்கள். பிள்ளை ஓடுவது பாதி குறையும். பிறகு அட்டையில் உள்ள வரிசைப்படி தலையிலிருந்து கீழே வாருங்கள்.

தலையில்தான் நிதானம் வேண்டும். ராக்குடி பூவுக்குள் புதைந்திருக்கும். மாட்டலின் கொக்கி சவுரியில் மாட்டிக்கொண்டு நிற்கும். பூவை அப்படியே உருவி எறிந்தால் பிறையும் அதோடு போய்விடும். ஆகவே பூக்குப்பையை அன்றிரவு கொட்டவே வேண்டாம். எல்லாப் பையும் சரிபார்த்த பிறகு ஒரு முறை கையால் அளைந்துவிட்டுக் கொட்டுங்கள். இப்படி அட்டை வைத்து நடத்திய இன்னொரு பள்ளியில் ஒன்பதாம் எண் பையில் ராக்குடி இல்லை என்பது இரவே தெரிந்தது. அந்தப் பிள்ளை அம்மாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். கொண்டையைத் தடவிப் பார்த்தார்கள், இருந்தது. மூட்டை கட்டிய பள்ளியாக இருந்திருந்தால் அதுவும் முன்பணத்தில்தான் போயிருக்கும்.

திருப்பித் தரும் விஷயத்தில் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை நீங்களே சொல்லிவிடுங்கள். துவைக்க வேண்டாம். அழுக்காகத் தரக்கூடாது என்ற நல்ல மனதோடு துவைத்துத் தருகிறார்கள். சிவப்புக் கரையின் சாயம் மஞ்சள் உடம்பில் இறங்கிவிடுகிறது, விசிறி மடிப்பு குலைந்துவிடுகிறது. அந்த மடிப்பை மறுபடி பிடித்துத் தேய்ப்பது ஒரு நாள் வேலை. வியர்வை ஈரத்தோடு பையில் திணிக்கவும் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். வகுப்பறை பெஞ்சுகளில் இரவு முழுக்க விரித்துப் போட்டு மின்விசிறியைச் சுழலவிட்டால் போதும். நகையைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று தந்தவர்களும் உண்டு. பித்தளைக் குடத்துக்கு அது சரி. முலாத்துக்குப் புளி எமன். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதுமானது. ஆல்தாவை உடை போடுவதற்கு முன்பே தீட்டிக் காயவிடுங்கள், பைஜாமாவின் கால் விளிம்பில் பட்டால் எந்தச் சலவைக்கும் அது போகாது.

கடைசியாகத் தேதி. சிதம்பரத்தில் 1981-இல் தொடங்கிய நாட்டியாஞ்சலியைப் பார்த்து இன்று டெல்டாவின் பல ஊர்க் கோயில்களிலும் மகா சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கிறது. அதே வாரங்களில்தான் உங்கள் விழாக்களும் வருகின்றன. சிறு பிள்ளைகள் அளவு உடைக்கு அப்போது இரண்டு பக்கமும் இழுபறி. ஆகவே விழாத் தேதி முடிவானதும் சீட்டு அனுப்புங்கள். அதில் ‘நாலாம் வகுப்பு’ என்று எழுதாமல் ஒவ்வோர் எண்ணுக்கும் மார்பு, இடுப்பு, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை என மூன்று அளவுகளைக் குறித்தால் அளவு மாற்ற இன்னொரு முறை நீங்கள் வர வேண்டியிருக்காது. சனிக்கிழமை விழா வைப்பவர்கள் ஞாயிறு காலையில் பைகளை யார் கொண்டுவருவார் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள், கடையைத் திறந்து வைக்கிறோம். திங்கள்கிழமை கொண்டுவந்தால் கூடுதல் நாளுக்கு வாடகை சேரும். அட்டையின் மாதிரியை எழுதி வைத்திருக்கிறேன். சீட்டு கொடுக்க வரும் ஆசிரியர் கேட்டு வாங்கி, பிள்ளைக்கு ஒன்றாக நகல் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உடை வாடகைக் கடைக்காரி,
கும்பகோணம்