ரோபோ ஏன் ஒரு பக்கமாக இழுக்கிறது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் உள்ள எங்கள் கடையில் இரண்டு சக்கர ரோபோ கிட் வாங்கிய பலரும் ஒரே குறையைச் சொல்கிறீர்கள்: "என்கோடர் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை காட்டுகிறது, வண்டி மட்டும் வலப்பக்கம் வளைகிறது." என்கோடர் பழுதென்று மாற்றக் கேட்கிறீர்கள். பெரும்பாலும் அது பழுதாக இருக்காது.

என்கோடர் எண்ணுவது சக்கரம் சுற்றியதை மட்டுமே. வண்டி நகர்ந்த தூரத்தை நாம்தான் விட்டத்தைக் கொண்டு கணக்கிடுகிறோம். இரு சக்கரமும் 65 மி.மீ. என்று நிரலில் எழுதியிருப்பீர்கள். வலது சக்கரம் அரை மி.மீ. சிறியதாக இருந்தால், எண்ணிக்கை சமமாக இருந்தாலும் இடது சக்கரம் அதிக தூரம் போகும். வண்டி வலப்பக்கம் திரும்பும். கணக்கோ நேராகப் போனதாகவே சொல்லும்.

அரை மி.மீ.தானே என்று விட்டுவிட முடியாது. சக்கரங்களுக்கு இடையே 150 மி.மீ. உள்ள வண்டி 3 மீட்டர் ஓடினால் கிட்டத்தட்ட 9 டிகிரி திரும்பி, 23 செ.மீ. விலகி நிற்கும். எனவே விலகலை அளந்தால் விட்ட வேறுபாட்டைக் கண்டுபிடித்துவிடலாம்:

```
diff = 2 * y * b * D / (L * L)
     = 2 * 230 * 150 * 65 / (3000 * 3000)
     ≈ 0.5
```

எல்லாம் மி.மீ.யில். `y` பக்கவாட்டு விலகல், `b` சக்கர இடைவெளி, `D` சக்கர விட்டம், `L` ஓடிய தூரம். இடதுக்கு 65.25, வலதுக்கு 64.75 என்று எழுதுங்கள். எண்ணிக்கையைச் சமன் செய்யும் நிரலை, தூரத்தைச் சமன் செய்யும்படி மாற்றுங்கள். வெர்னியரால் அளப்பதைவிட இதுவே நல்லது. ரப்பர் டயர் எடைக்கு அமுங்கும். பேட்டரி ஒரு பக்கம் தள்ளியிருந்தால் அந்தப் பக்கம் இன்னும் அமுங்கும். ஆகவே பேட்டரி எல்லாம் பொருத்திய பிறகே அளவெடுங்கள்.

ஆரம்பத்திலேயே வண்டியைச் சற்றுக் கோணலாக வைத்தாலும் விலகும். அதைப் பிரித்தறிய ஒன்றரை மீட்டர் மட்டும் ஓட்டிப் பாருங்கள். விலகல் கால் பங்கு, அதாவது 6 செ.மீ. அளவு என்றால் சக்கர வேறுபாடு. பாதி என்றால் வைத்த கோணம்.

வழுக்கல் வேறு ரகம். தூசி படிந்த கிரானைட் தரையில் சட்டென்று வேகமெடுத்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சிறிது சுழலும். என்கோடர் அதையும் தூரமாகச் சேர்த்துவிடும். ஒரே கோட்டிலிருந்து ஐந்து முறை ஓட்டி, நின்ற இடங்களில் சாக்பீஸால் குறியிடுங்கள். குறிகள் ஓரிடத்தில் குவிந்தால் மேலே சொன்ன திருத்தம் போதும். சிதறிக் கிடந்தால் எந்த எண்ணை மாற்றியும் பயனில்லை. டயரை ஈரத்துணியால் துடையுங்கள், வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். அப்படியும் சிதறினால் திரும்பும் கோணத்துக்கு ஜைரோவை நம்பி, என்கோடரைத் தூரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கில் 1 மி.மீ.க்கு மேல் வேறுபாடு வந்தால் சக்கர ஜோடியைக் கடைக்குக் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம்.

அன்புடன்,
கடையினர்